முத்தான படத்தைக் கடைசியில் வைக்காதீர்கள்

மாணவர் குறும்பட விழா நடத்துகிற ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் நிகழ்ச்சி நிரலைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “இருக்கிறதிலேயே நல்ல படத்தைக் கடைசியில் வையுங்கள், அப்போதுதான் கூட்டம் கலையாது. நடுவில் இடைவேளை விடாதீர்கள், விட்டால் எழுந்து போய்விடுவார்கள்.” சென்னைக் கல்லூரிக் கலையரங்கிலும் இதைச் சொல்கிறார்கள், ஆர்.கே.பேட்டை மாதிரி ஊரின் பள்ளித் திடலிலும் இதையே சொல்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த இரண்டு யோசனைகளும் தவறு என்பதுதான் என் வாதம். விழாவின் மிகச் சிறந்த படத்தைக் காலி நாற்காலிகளுக்குப் போட்டுக் காட்ட வேண்டுமென்றால், இவற்றைவிட உறுதியான வழி கிடையாது.

இந்த யோசனைக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பார்வையாளர்கள் எல்லோரும் நல்ல படத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கை அது. பெயர் பெற்ற இயக்குநரின் புதுப்படம் என்றால் அப்படிக் காத்திருப்பார்கள். மாணவர் விழாவுக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு எது நல்ல படம் என்று தெரியும்? அன்றுதான் முதன்முதலாகப் போடப்போகிறார்கள். அவர்கள் வந்தது தங்கள் பிள்ளையின் படத்தைப் பார்க்க. பன்னிரண்டு படங்கள் என்றால் பன்னிரண்டு சின்னக் கூட்டங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அம்மா, அப்பா, அத்தை, தெருப் பிள்ளைகள், நடித்தவர்கள், மைக் பிடித்தவர்கள் எனப் பதினைந்து இருபது பேர் வருவார்கள். தங்கள் படம் முடிந்ததும் அவர்களை வாசல் அழைக்கும். பன்னிரண்டாவதாக வரப்போகும் முகம் தெரியாத முத்து அவர்களைப் பிடித்து நிறுத்தாது.

ஆர்.கே.பேட்டையில் இது இன்னும் கூர்மையான சிக்கல். திருத்தணிக்கும் சோளிங்கருக்கும் பள்ளிப்பட்டுக்கும் போகிற சாலைகளை நம்பியிருக்கிற ஊர் இது. விசைத்தறி நெய்கிற குடும்பங்கள் ஒரு பக்கம், திருப்பெரும்புதூர்ப் பக்கத்துக் கம்பெனிகளுக்கு ஷிப்டு போகிற பிள்ளைகள் இன்னொரு பக்கம். அம்மையார்குப்பத்திலிருந்து வருகிறவர் திரும்பிப் போக பஸ் வேண்டும். விடிகாலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டியவர் நேரத்தோடு படுக்க வேண்டும். கடைசிப் படம் ஓடும் நேரத்தில் இவர்கள் மனம் திரையில் இருக்காது, சாலையில் இருக்கும். மிகச் சிறந்த படம் என்று நாம் கருதுவது பெரும்பாலும் நீளமானது, அழுத்தமானது, முழுக் கவனம் கேட்பது. அதைத்தான் கவனம் மிகவும் குறைந்திருக்கிற நேரத்தில் கொண்டுபோய் வைக்கிறோம்.

எதிர்த்தரப்பு வலுவான ஓர் உதாரணம் காட்டலாம். வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் பாரதக் கூத்து பல நாள் நடந்து, கடைசியில் படுகளத்தில் வந்து நிற்கிறது. துரியோதனன் வீழ்வதைப் பார்க்க ஊரே காத்திருக்கிறது. உச்சம் கடைசியில்தானே இருக்கிறது என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அங்கே ஓடுவது ஒரே கதை. முடிவு என்ன என்பது பார்க்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். வேண்டுதல் இருக்கிறது, சடங்கு இருக்கிறது. பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள். அப்படியிருந்தும் இரவுக் கூத்தில் கட்டியங்காரன் அடிக்கடி வந்து சிரிக்கவைத்து ஆட்களை எழுப்பி உட்காரவைக்கிறான். பன்னிரண்டு பேர் எடுத்த, ஒன்றோடொன்று தொடர்பில்லாத பன்னிரண்டு படங்களுக்குப் படுகளத்தின் இலக்கணம் பொருந்தாது.

பொருந்துகிற இலக்கணமும் நம்மிடமே இருக்கிறது. இன்றைய கர்நாடகக் கச்சேரியின் அமைப்பை நிலைநிறுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967). தனித்தனிப் பாடல்களைக் கோத்து ஒரு மாலையை எப்படி நடத்துவது என்ற கேள்விக்கு அவர் கொடுத்த விடை இன்றும் மேடையில் இருக்கிறது. வர்ணத்தில் தொடங்குவார்கள். நடந்து வந்தவர் உட்காரவும் பாடுகிறவரின் குரல் பதப்படவும் அது நேரம் தரும். பிறகு விறுவிறுப்பான சில கீர்த்தனைகள். அதன்பின் முதன்மை உருப்படி, விரிவான ஆலாபனையோடும் தனி ஆவர்த்தனத்தோடும். கச்சேரி அத்தோடு முடிவதில்லை. துக்கடாக்கள், தில்லானா என்று சின்னச் சின்ன உருப்படிகள் வந்து, மங்களத்தோடுதான் முடிகிறது. கனமானது கடைசிக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. கேட்டவர் லேசான மனத்தோடு எழுந்து போகிறார். தொடர்பில்லாத துண்டுகளை ஒரு மாலைப்பொழுதாக ஆக்குவதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி நமக்கு எதற்கு?

இதை ஒரு விழாவில் போட்டுப் பார்ப்போம். ஆர்.கே.பேட்டைப் பள்ளித் திடல் ஒன்றில் பிப்ரவரி நடுவில் ஒரு மாலை என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு படங்கள், மொத்தம் 90 நிமிடம். கடைசிப் பஸ் இரவு ஒன்பதரைக்கு. நிரலை முதல் படத்திலிருந்து தொடங்கக் கூடாது, கடைசிப் பஸ்ஸிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 90 நிமிடப் படம் என்றால் 90 நிமிட விழா என்று நினைப்பதுதான் பலரும் செய்கிற முதல் பிழை. ஒவ்வொரு படத்துக்கும் பெயர் சொல்லி, கைதட்டி, அடுத்ததற்கு மாறச் சராசரியாக ஒரு நிமிடம் சேருங்கள், 12 நிமிடம். வரவேற்புக்கு 5. பத்து நிமிடம் என்று அறிவிக்கிற இடைவேளை பதினைந்தாகத்தான் முடியும், ஆக 15. படக்குழுக்களை இரண்டு தடவை மேடைக்கு அழைக்க, தடவைக்கு 6 வீதம் 12. பரிசுக்கும் விருந்தினர் பேச்சுக்கும் சேர்த்து 15. கூட்டினால் 149 நிமிடம். ஆறே முக்காலுக்குத் தொடங்கினால் ஒன்பதே காலுக்கு முடியும். பஸ் நிறுத்தத்துக்கு நடந்துபோகக் கால் மணி நேரம் இருக்கும். விருந்தினர் இருபது நிமிடம் பேசிவிட்டால் இந்தக் கணக்கு உடையும். அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

ஆறே முக்கால் என்பதை வெளிச்சத்தையும் பார்த்துத்தான் சொல்கிறேன். பிப்ரவரி நடுவில் இந்தப் பக்கம் ஆறேகாலை ஒட்டிச் சூரியன் மறைகிறது. அதன்பிறகு இருபது இருபத்தைந்து நிமிடம் வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும். திறந்த வெளியில் அதுவரை திரை வெளிறித்தான் தெரியும். ஜூனில் சூரியன் மறையவே 6.35 தாண்டிவிடும். ஏழு மணிக்கு முன் தொடங்க முடியாது, இதே நிரல் பஸ்ஸைத் தவறவிடும். அப்போது கூரையுள்ள அரங்குக்குப் போக வேண்டும், அல்லது இரண்டு படங்களை வேறு நாளுக்கு மாற்ற வேண்டும். பிப்ரவரியிலும்கூட, முதல் இருபது நிமிடத்தில் இரவுக் காட்சி நிறைந்த படத்தைப் போடாதீர்கள். தொடுவானத்து மிச்ச வெளிச்சத்தில் கறுப்பெல்லாம் சாம்பல் ஆகி, படம் பிடித்த பிள்ளையின் உழைப்பு கண்ணுக்கே தெரியாமல் போகும்.

இனி வரிசை. முதல் படம் 4 நிமிடம், பகலில் பள்ளி மைதானத்தில் எடுத்த ஒரு நகைச்சுவை. விழா நடத்துகிற பள்ளியின் சொந்தப் படமாக அது இருக்கட்டும். முதல் பத்து நிமிடம் பாதி நாற்காலிதான் நிறைந்திருக்கும். அந்த நட்டத்தை விருந்து வைக்கிறவர்தான் ஏற்க வேண்டும். அவர்களுடைய ஆட்கள் எப்படியும் முதலிலேயே வந்திருப்பார்கள். இரண்டாவது 7 நிமிடம், இரண்டு நண்பர்களின் கதை. மூன்றாவது 9 நிமிடம், விசைத்தறிக் கூடத்தைப் பற்றிய ஆவணப்படம். நான்காவது 6 நிமிடம், பேச்சில்லாத அனிமேஷன். ஐந்தாவது 11 நிமிடம், படிப்பை நிறுத்தவிருக்கும் ஒரு பெண்ணின் கதை. ஆறாவது 5 நிமிடம், ஒரு பேய்ப்படம். மொத்தம் 42 நிமிடம். கனமான பதினொரு நிமிடத்தை அடுத்துச் சின்ன அலறலும் சிரிப்பும். அந்தச் சூட்டோடு இடைவேளை.

இடைவேளைக்குப் பிறகு ஏழாவது 3 நிமிடம், ஒரு பாட்டு. எட்டாவது 8 நிமிடம், தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிற ஒரு பாட்டியின் கதை, இந்தப் பகுதி வீடுகளில் கேட்கிற அதே பேச்சு. ஒன்பதாவதுதான் அந்த முத்து: 18 நிமிடம், சிப்காட்டில் இரவு ஷிப்டு பார்க்கிற அப்பாவைப் பற்றியது. பத்தாவது 5 நிமிடம், வசனமில்லாத அமைதியான படம். பதினொன்றாவது 9 நிமிடம், ஓர் அங்கதம். பன்னிரண்டாவது 5 நிமிடம், காணாமல் போன ஆட்டைத் தேடுகிற வேடிக்கை. இந்தப் பாதி 48 நிமிடம்.

ஒன்பதாவது இடத்தை ஏன் முத்துக்குக் கொடுக்கிறோம்? தாமதமாக வருகிறவர்கள் எல்லோரும் அதற்குள் வந்து சேர்ந்திருப்பார்கள். இடைவேளையில் டீ குடித்து, கால் நீட்டி, பிள்ளையை வெளியே கூட்டிப்போய் வந்து, திரும்ப உட்கார்ந்து, இரண்டு படம் பார்த்துப் பழகியிருப்பார்கள். பஸ் கவலை இன்னும் தொடங்கியிருக்காது. இருட்டு முழுமையாக இருக்கும். மாலை முழுவதிலும் இந்த நாலும் ஒன்றுசேர்கிற நேரம் இது ஒன்றுதான்.

“முத்துக்குப் பிறகு வருகிற படங்கள் சோடையாகத் தெரியுமே” என்பது அடுத்த மறுப்பு. ஒரே மாதிரிப் படத்தை அடுத்து வைத்தால் அப்படித்தான் தெரியும். 18 நிமிட அப்பா கதைக்குப் பின் 10 நிமிட அம்மா கதை வந்தால் அம்மா கதை தோற்றுப்போகும். உடனே ஆட்டுக்குட்டி வேடிக்கையைப் போட்டாலும் இரண்டுக்குமே அவமரியாதை. கண் கலங்கியவரைச் சிரிக்கச் சொல்லி இழுப்பது போலாகும். அதனால்தான் நடுவில் வசனமில்லாத 5 நிமிடம். அது எதோடும் போட்டி போடாது. பார்த்ததை மனத்துக்குள் இறக்கிவைக்க இடம் தரும். பிறகு அங்கதம் முதல் சிரிப்பைக் கொண்டுவரும், ஆட்டுக்குட்டி எல்லோரையும் சேர்ந்து சிரிக்கவைத்து வீட்டுக்கு அனுப்பும். சுருக்கமாகவும் தெளிவாகவும் முடிகிற, குழந்தையும் கிழவியும் ஒன்றாகச் சிரிக்கிற படம் கடைசி இடத்துக்கு வேண்டும். அதைத் தேர்ந்தெடுப்பது முத்தைத் தேர்ந்தெடுப்பதைவிடக் கடினம்.

இடைவேளைக்கு வருவோம். இடைவேளை விட்டால் போய்விடுவார்கள் என்கிறவர்கள், விடாவிட்டால் என்ன நடக்கிறது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. போக வேண்டியவர் எப்படியும் போகிறார். புரொஜெக்டர் வெளிச்சத்துக்குக் குறுக்கே குனிந்து, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு, யாரோ ஒரு பிள்ளையின் படத்தின் உயிர்நிலையான இடத்தில் எழுந்து போகிறார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் எழுகிறார்கள். இடைவேளை விட்டால் போகிறவர் யாருடைய படத்தையும் கெடுக்காமல் போவார். போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர் டீயைக் குடித்துவிட்டு உட்காருவார்.

ஆட்களைத் திரும்பக் கொண்டுவருகிற வேலையைப் படத்தின் தரம் செய்யாது, படங்களைப் பங்கிட்டு வைத்த விதம்தான் செய்யும். ஒரு பள்ளியிலிருந்து மூன்று படம் வந்திருந்து, அதற்கு ஐம்பது அறுபது பேர் வருவார்கள் என்றால், அந்த மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டு அவர்களை முக்கால் மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். இரண்டாவது, ஏழாவது, பன்னிரண்டாவது இடங்களில் வையுங்கள். படக்குழுவை ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் மேடைக்கு அழைக்காமல், முதல் பாதியின் ஆறு குழுக்களையும் இடைவேளைக்குச் சற்று முன்னால் ஒன்றாக அழையுங்கள். இரண்டாவது படத்தின் அம்மா ஆறாவது படம் வரைக்கும் இருப்பார். அவர் இருந்தால் அவருடைய மகனுக்கும் மற்றப் படங்களைப் பார்க்கிற பழக்கம் வரும்.

இடைவேளை முடிந்ததும் வருகிற முதல் படம் எதுவாக இருந்தாலும் அதன் முதல் ஒரு நிமிடம் வீணாகும். ஆட்கள் உட்கார்ந்துகொண்டிருப்பார்கள். மெல்லிய குரலில் பேசுகிற படத்தை அங்கே வைப்பது அநியாயம். அதனால்தான் ஏழாவது இடத்தில் பாட்டு. மைக்கில் “எல்லோரும் வந்து அமரவும்” என்று கத்துவதைவிட, பாட்டைப் போட்டுவிட்டால் டீக்கடைப் பக்கம் நிற்கிறவர்கள் தாமாகவே திரும்புவார்கள்.

ஒலியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், வரிசை குலைவது பெரும்பாலும் இதில்தான். மாணவர் படங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஒலி அளவில் இருக்கும். போனில் பதிந்த வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, அதன் மேல் இணையத்தில் எடுத்த இசை காதைக் கிழிக்கிற மாதிரி. பேய்ப்படத்தின் அலறலுக்குப் பழகிய காதுக்கு, அடுத்த படத்தின் முதல் வசனம் கேட்காது. முதல் நாளே அதே ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்து, வசனம் தெளிவாகக் கேட்கும்படி ஆம்ப்ளிஃபயர் குமிழை எங்கே வைக்க வேண்டும் என்று படத்துக்குப் படம் குறித்துக்கொள்ளுங்கள். குமிழ் மிக உயரத்தில் நிற்கிற படத்தை, மிகத் தாழ்வில் நிற்கிற படத்தின் பக்கத்தில் வைக்காதீர்கள். பேச்சோ கைதட்டலோ இருட்டோ நடுவில் இருந்தால் காது பழையபடி ஆகிவிடும். நம் நிரலில் பேய்ப்படத்துக்குப் பின் இடைவேளை வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது ஒரு தரப்பும் உண்டு. “சீட்டுக் குலுக்கிப் போடுங்கள், அதுதான் நியாயம்” என்பார்கள். பிள்ளைகளிடையே மனத்தாங்கல் வரக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் சீட்டுக்குக் கண் கிடையாது. மாணவர் படங்களில் சாவில் முடிகிறவை நிறைய. குலுக்கலில் அப்படி மூன்று படங்கள் வரிசையாக வந்தால் மூன்றாவது சாவுக்குக் கூட்டம் சிரித்துவிடும். அந்தச் சிரிப்பை வாங்குகிற பிள்ளைக்கு நாம் செய்தது நியாயமா? போட்டிக்கும் வரிசைக்கும் உள்ள முடிச்சை அவிழ்த்துவிட்டால் இந்த மனத்தாங்கல் பெருமளவு தீரும். நடுவர்கள் படங்களை முன்னதாகவே தனியாகப் பார்த்து மதிப்பெண் போட்டுவிடட்டும். பிறகு எந்த இடத்தில் வந்தாலும் பரிசுக்குப் பாதகமில்லை என்று பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லுங்கள். அவரவர் படம் அந்த இடத்தில் ஏன் இருக்கிறது என்ற காரணத்தையும் சொல்லுங்கள்.

வரிசை சரியா என்று சோதிக்க எல்லாப் படத்தையும் மறுபடி முழுக்கப் பார்க்க வேண்டியதில்லை. படத்துக்கு ஓர் அட்டை எடுத்து, அதில் நிமிடம், முதல் காட்சி, முடிவின் மனநிலை, குமிழ் அளவு, எந்தப் பள்ளி என்று எழுதுங்கள். மேசையில் அடுக்குங்கள். பிறகு ஒவ்வொரு படத்தின் கடைசி ஒரு நிமிடத்தையும் அடுத்ததன் முதல் ஒரு நிமிடத்தையும் மட்டும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு படத்துக்குப் பதினொரு இணைப்பு, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பிணத்தின் முகத்தில் முடிகிற படத்தை அடுத்துக் குத்துப்பாட்டோடு தொடங்குகிற படம் வந்தால் அந்த இடம் உங்களுக்கே குத்தும். இரண்டு அட்டையை இடம் மாற்றினால் சரியாகிவிடும்.

விழா நடக்கும்போது ஒரு மாணவரைத் திரையின் ஓரத்தில், கூட்டத்தைப் பார்த்தபடி உட்காரவையுங்கள். எந்தப் படத்தின் எந்த நிமிடத்தில் போன் வெளிச்சங்கள் முகங்களில் ஏறுகின்றன, எப்போது நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கிறது, எப்போது பின்வரிசை எழுகிறது என்று அவர் நேரத்தோடு குறிக்கட்டும். ஒரு படத்தில் மட்டும் போன் எரிந்தால் அது அந்தப் படத்தின் பிரச்சினையாக இருக்கலாம். அடுத்தடுத்து மூன்று படங்களில் எரிந்தால் அது வரிசையின் பிரச்சினை. அங்கே இடைவேளை வந்திருக்க வேண்டும், அல்லது சிரிப்பு வந்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டு நிரல் போடுகிறவருக்கு இந்தத் தாளைவிட நல்ல ஆலோசகர் கிடைக்கமாட்டார்.

நான் சொல்வது எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று வாதிடவில்லை. மொத்தமே ஐந்தாறு படம், நாற்பது நிமிடம் என்றால் இடைவேளை தேவையில்லை. கல்லூரியே வண்டி ஏற்பாடு செய்து எல்லோரையும் ஒன்றாக அழைத்துப்போகிறது என்றால் கடைசி இடம் இவ்வளவு ஆபத்தானதல்ல. வந்திருக்கிறவர்கள் எல்லோரும் திரைப்பட மாணவர்கள் என்றால் அவர்கள் கனமான முடிவைத் தாங்குவார்கள். ஆனால் குடும்பத்தோடு வந்து, திறந்த வெளியில் உட்கார்ந்து, பஸ் பிடித்து ஊருக்குப் போகிற கூட்டத்துக்கு மேற்சொன்ன கணக்குதான்.

அந்த 18 நிமிடப் படத்தை எடுத்த பிள்ளை, அப்பாவின் ஷிப்டு முடிகிற நேரத்துக்குக் காத்திருந்து மாதக்கணக்கில் படம் பிடித்திருக்கும். அதற்கு நாம் தரக்கூடிய மிகப் பெரிய மரியாதை, ஊரே உட்கார்ந்து பார்க்கிற நேரத்தை அதற்குக் கொடுப்பது. கடைசி இடத்தைக் கௌரவம் என்று நினைத்து அந்தப் பிள்ளையே கேட்டாலும், காரணத்தை எடுத்துச் சொல்லி மறுத்துவிடுங்கள். ஒன்பதாவது இடத்தில் வைத்துவிட்டு, அவருடைய அப்பாவுக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போடுங்கள்.